எஸ்பிஐ கணக்கு தப்பாக வருகிறது, 2016 கூட வறட்சி இல்லையாம் (அவசரம்)

கடைசிபெஞ்ச்:
வணக்கம். மாத மழை அளவை வைத்து வறட்சி ஆண்டுகளைக் குறிக்க வேண்டும். எஸ்பிஐ என்கிற தரப்படுத்திய மழைக் குறியீட்டைப் போட்டேன். -1க்குக் கீழே போனால் வறட்சி என்று வகுப்பில் சொன்னார்கள். ஒரு வருடம் கூட -1ஐத் தொடவில்லை. 2016 கூட! அந்த வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்தது. நாளை மாலைக்குள் கொடுக்க வேண்டும். எங்கே தப்பு?

வேலூர்வெயில்:
எஸ்பிஐ கணக்கு என்றால் பாஸ்புக்கோடு கிளைக்கு நேரில் போவதுதான் நல்லது. போனில் யாரும் எடுப்பதில்லை.

வேலூர்வெயில்:
மன்னிக்கவும், இப்போதுதான் முழுசாகப் படித்தேன் 😀 மழையா.

மேகமூட்டம்:
எந்த ஊர்? எத்தனை வருடம்? ஒரு மாதக் கணக்கா, மூன்று மாதமா, பன்னிரண்டா? எப்படிக் கணக்கிட்டீர்கள்? இதில் ஒன்றைக் கூடச் சொல்லாமல் "எங்கே தப்பு" என்றால் எப்படி?

பழையபைத்தான்:
வாரத்துக்கு ஒருவர் இப்படி வருகிறார். எஸ்பிஐயை மெக்கீயும் கூட்டாளிகளும் 1993லேயே எழுதி வைத்துவிட்டார்கள். அதை ஒரு தடவை படித்துவிட்டு வந்தால் பாதி இழைகள் இங்கே இருக்காது.

புள்ளிராசா:
பார்க்காமலே சொல்கிறேன். மழை மணி வடிவப் பரவலில் வராது. காமா பரவலைப் பொருத்துங்கள், சரியாகிவிடும்.

கடைசிபெஞ்ச்:
மன்னிக்கவும் அண்ணா. ராமநாதபுரம் பக்கம் ஒரு மழைமானி, 1985 முதல் 2020 வரை. நான் போட்டது இவ்வளவுதான்:

```python
df["z"] = (df["mm"] - df["mm"].mean()) / df["mm"].std()
```

வந்ததிலேயே குறைந்த எண் -0.81. அதுவும் ஒரு தடவை இல்லை, நிறைய வரிகளில் அதே -0.81.

மேகமூட்டம்:
அந்த -0.81தான் துப்பு. உங்கள் mean() 70 பக்கம், std() 86 பக்கம் இருக்கிறதா பாருங்கள். 70ஐ 86ஆல் வகுத்தால் 0.81. மழையே இல்லாத மாதத்துக்குக் கிடைக்கும் எண் அது. மழை பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்பதால் உங்கள் கணக்கும் -0.81க்குக் கீழே போகாது. உலகமே காய்ந்தாலும் -1 வராது.

காரணம், பன்னிரண்டு மாதத்தையும் ஒரே பானையில் போட்டிருக்கிறீர்கள். உங்கள் ஊரில் பிப்ரவரி காய்வது வழக்கம், நவம்பர் காய்ந்தால்தான் சேதி. ஒரு நவம்பரை மற்ற நவம்பர்களோடுதான் ஒப்பிட வேண்டும். புள்ளிராசா சொன்ன காமா தேவைதான், ஆனால் மொத்தமாகப் பொருத்தினால் இதே கோளாறு வேறு உருவில் வரும். மாதவாரியாகப் பொருத்துங்கள்.

கடைசிபெஞ்ச்:
70.2, 86.4. எப்படி அண்ணா!! சரி, மாதவாரியாகக் காமா போடுகிறேன்.

கடைசிபெஞ்ச்:
பிப்ரவரியில் FitDataError என்று நின்றுவிட்டது. பூஜ்யங்களுக்கு 0.01 வைத்துவிடட்டுமா?

புள்ளிராசா:
வைக்கலாம், நான் அப்படித்தான் செய்வேன்.

மேகமூட்டம்:
வேண்டாம். 0.01க்கும் 0.1க்கும் காமாவின் வடிவமே மாறிவிடும், எதை வைத்தீர்கள் என்பதைப் பொறுத்து விடை ஆடும். பூஜ்ய மாதங்களைத் தனியாக எண்ணி, மழை பெய்தவற்றுக்கு மட்டும் காமா பொருத்தி, பிறகு இரண்டையும் சேர்ப்பதுதான் முறை.

பிப்ரவரியில் எத்தனை பூஜ்யம்?

கடைசிபெஞ்ச்:
36ல் 20.

மேகமூட்டம்:
அப்படியென்றால் பூஜ்யத்தின் பங்கு 0.556. அதை norm.ppf()இல் போட்டால் +0.14. அதாவது ஒரு சொட்டு மழை இல்லாத பிப்ரவரிக்கு உங்கள் குறியீடு "சற்றே ஈரம்" என்று சொல்லும். கணக்கில் பிழை இல்லை, அந்த மாதத்தில் அந்தக் கேள்விக்கு விடை இல்லை, அவ்வளவுதான். ராமநாதபுரத்துக்கு அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றையும் கூட்டி, டிசம்பரில் முடியும் மூன்று மாதக் குறியீட்டைப் பாருங்கள்.

```python
df["r3"] = df["mm"].rolling(3).sum()
d = df.loc[df.index.month == 12, "r3"].dropna()
q = (d == 0).mean()
a, loc, b = stats.gamma.fit(d[d > 0], floc=0)
spi = stats.norm.ppf(q + (1 - q) * stats.gamma.cdf(d, a, loc, b))
```

floc=0வை விட்டுவிடாதீர்கள். விட்டால் தொடக்கப் புள்ளியையும் அது தானே தேடி எங்கேயாவது வைத்துவிடும்.

வேலூர்வெயில்:
இவ்வளவு சுற்று எதற்கு? வானிலைத் துறை மாதிரி சராசரியை விட எத்தனை சதவீதம் குறைவு என்று போடலாமே. 20 முதல் 59 வரை குறைந்தால் பற்றாக்குறை, 60க்கு மேல் பெரும் பற்றாக்குறை. என் பாட்டிக்கும் புரியும்.

புள்ளிராசா:
பாட்டிக்குப் புரியும், ஆனால் ஊருக்கு ஊர் அர்த்தம் மாறும். வருடா வருடம் ஒரே அளவு பெய்யும் ஊரில் 30 சதவீதம் குறைந்தால் பெரிய விஷயம். ஒரு வருடம் கொட்டி, மறு வருடம் ஏமாற்றும் ஊரில் அது வழக்கமான ஏற்ற இறக்கம். அந்த வித்தியாசத்தைப் பிடிக்கத்தானே தரப்படுத்துகிறோம்.

வேலூர்வெயில்:
விவசாயிக்கு 30 சதவீதம் குறைந்தால் குறைந்ததுதான். ஊர் வழக்கம் என்று சொன்னால் பயிர் பிழைக்குமா?

பழையபைத்தான்:
இருவரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள். அபூர்வமா என்பது ஒன்று, பாதிப்பா என்பது வேறு. இதுவும் அடிப்படைதான்.

கடைசிபெஞ்ச்:
ஓடிவிட்டது! 2016க்கு -2.3. ஆனால் 1991க்கு -2.6 வருகிறது. அந்த வருடம் அப்படி ஒன்றும் கேள்விப்பட்டதில்லையே?

பழையபைத்தான்:
rolling(3) மூன்று மாதங்களைக் கூட்டாது தம்பி, மூன்று வரிகளைக் கூட்டும். இதை ஓட்டுங்கள்:

```python
df.groupby(df.index.year).size()
```

எல்லா வருடத்துக்கும் 12 வர வேண்டும்.

கடைசிபெஞ்ச்:
1991க்கு 11. நவம்பர் வரியே இல்லை.

மேகமூட்டம்:
ஆக, செப்டம்பர், அக்டோபர், டிசம்பரைக் கூட்டியிருக்கிறது. இருப்பதிலேயே ஈரமான மாதம் போய்விட்டதால் பொய் வறட்சி. கூட்டுவதற்கு முன் `df = df.asfreq("MS")` போடுங்கள், காணாமல் போன மாதம் காலியாக வந்து நிற்கும். 1991 கணக்கிலிருந்து விழும், விழட்டும். அதற்கு 0 நிரப்பிவிடாதீர்கள். பூஜ்யங்களில் எத்தனை நிஜ பூஜ்யம், எத்தனை பதிவு செய்யாதவை என்பதையும் கொடுத்தவரிடம் கேளுங்கள். நான் ஒரு தடவை கேட்காமல் விட்டு, மானி உடைந்து கிடந்த ஒரு மழைக்காலத்தைக் கடும் வறட்சி என்று எழுதிவிட்டேன். வழிகாட்டி முகத்தில் சிரிப்பு கூட வரவில்லை.

கண்மாய்க்கரை:
முதுகுளத்தூர் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் மழை ஓரளவு பெய்தும் கண்மாய் நிறையாத வருடங்கள் உண்டு. மேலே வைகையில் தண்ணீர் வந்தால்தான் சில கண்மாய்களுக்கு உயிர். மழைமானிக்கு அது தெரியுமா?

மேகமூட்டம்:
தெரியாது. வெயிலில் ஆவியாவதும் தெரியாது. அதற்கு வேறு குறியீடு இருக்கிறது, வெப்பநிலையும் வேண்டும்.

புள்ளிராசா:
பன்னிரண்டு மாதக் குறியீடு போட்டால் கண்மாய்க் கதையும் தெரியுமே.

மேகமூட்டம்:
அதே மழையைத்தானே நீளமாகக் கூட்டுகிறீர்கள், வைகை எங்கிருந்து வரும்? ஒன்று வேண்டுமானால் பாருங்கள்: 2015 கடைசியில் கொட்டிய மழை, 2016 செப்டம்பர் வரைக்கும் பன்னிரண்டு மாதக் கூட்டலுக்குள் உட்கார்ந்திருக்கும்.

கடைசிபெஞ்ச்:
asfreq போட்டேன், 1991 போய்விட்டது, 2016 இன்னும் -2க்குக் கீழேதான். சமர்ப்பித்துவிட்டேன். நன்றி.

கண்மாய்க்கரை:
தம்பி, அந்த மழைமானி எந்த ஊரில் இருக்கிறது என்று கடைசி வரை சொல்லவில்லையே?