புதுப்பிப்பு: பாவ்லிக் பெல்ட், உதைக்காத கால்

என் கேள்வி: “ஏழு வாரப் பாப்பா. இடது இடுப்பு ஸ்கேனில் மூட்டுக் குழியின் கோணமான ஆல்ஃபா 47 டிகிரி, கிராஃப் வகைப்பாட்டில் 2சி, அதாவது குழி ஆழம் போதவில்லை. கால்களை மடக்கி அகட்டி வைக்கும் பாவ்லிக் பெல்ட் போட்ட அஞ்சாம் நாள் இடது காலை உதைக்கவே இல்லை. பழகிடுமா?”

எல்லாருக்கும் நன்றி. பெல்ட்டின் முன்பக்க வாரைப் பார்க்கச் சொன்ன பிசியோதெரபி அக்கா சொன்னதுதான் சரி. உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினால் விரல் மடங்கியது, முழங்கால் நீளவில்லை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து அன்றே கோவைக்கு ஓடினோம். முன்வார் இறுகி, தொடை வயிற்றோடு ஒட்டியிருந்ததில் தொடை நரம்பு அழுந்தியிருக்கிறது. டாக்டர் பெல்ட்டைக் கழற்றினார். ஒன்பதாம் நாள் உதைத்தாள்; அப்புறம் இடுப்பு 100 டிகிரி மடங்கும்படி வாரைத் தளர்த்திப் போட்டார்.

பெல்ட்டுக்குப் பதில் மூணு டயப்பர் போதும் என்ற அண்ணா, கால் அகலணும் என்பது சரி. ஆனால் டயப்பர் இடுப்பை மடக்கிப் பிடிக்காதாம். வளைபாதம் பற்றி எழுதிய அம்மாவுக்கு, அதற்கு வேறு சிகிச்சை.

ஆறு வாரம் கழித்து ஆல்ஃபா 61, இயல்பான அளவு. ஆறு மாதத்தில் எக்ஸ்ரே பாக்கி.