மூச்சை மெதுவாக இழுக்கவைக்க எந்தப் படம் உதவும்?

வணக்கம். நான் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன், 28 பிள்ளைகள். கணக்கு முடிந்து தமிழ் தொடங்கும் முன் மூன்று நிமிடம் பட அட்டை காட்டி உடம்பை நீட்டி மடக்க வைக்கிறேன். தென்னை மரம் என்றால் கைகளைத் தூக்கி நுனிக்காலில் எம்ப வேண்டும். பூனை என்றால் மேசையில் கையூன்றி முதுகை வளைக்க வேண்டும். இரண்டும் நன்றாகப் போகின்றன.

சிக்கல் மூச்சு அட்டையில்தான். மெழுகுவத்திப் படத்தைப் பார்த்ததும் தோளைத் தூக்கி 'ஃபூ' என்று ஒரே மூச்சில் ஊதிவிடுகிறார்கள், அதுவும் விடாமல் ஏழெட்டு முறை. நேற்று ஒரு குழந்தை தலை சுற்றுகிறது என்றாள். உட்கார வைத்து வழக்கம்போல் மூச்சுவிடச் சொன்னதும் சரியானது. வேகமாக ஊதினால் இப்படித்தான் ஆகும்.

இன்று சூடான கஞ்சிக் கிண்ணம் வரைந்து, "சிந்தாமல் ஆற்றுங்கள், மூன்று முறைதான்" என்றேன். வெளிமூச்சு நீண்டது. ஆனால் உள்மூச்சில் இன்னும் தோள் ஏறுகிறது. மூக்கால் மெதுவாக இழுப்பதையும் வயிறு உப்புவதையும் ஐந்து வயதுக் குழந்தைக்குப் புரியவைக்கும் படம் யாரிடமாவது இருக்கிறதா? பலூன் வேண்டாம், அதையும் பலமாகத்தான் ஊதுவார்கள். நகலெடுக்க வசதியாக வெறும் கோட்டோவியமாக இருந்தால் போதும்.