இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையில் எவ்வளவு நேரம் விடுவது?

வணக்கம். எனக்கு வயது 46. சுன்னாகத்தில் கடை வைத்திருக்கிறேன். கடையைப் பூட்டி வீடு வர ஒன்பதரை ஆகிவிடும். பிட்டும் தேங்காய்ப்பால் சொதியும் சாப்பிட்டுப் பத்தேகாலுக்குள் படுத்துவிடுவேன். நான்கு மாதங்களாக, நள்ளிரவு கடந்ததும் நெஞ்செரிவுடன் விழிப்பு வந்து, புளிநீர் தொண்டைவரை ஏறுகிறது. எழுந்து உட்கார்ந்தால் கால்மணி நேரத்தில் தணிகிறது.

இரண்டு தலையணை வைத்தேன். கழுத்து மடிந்து வயிறு அழுந்தியதால் எரிவு கூடியது. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் ஆறு அங்குலக் கட்டை வைத்து, இடப்பக்கம் சரிந்து படுத்த பின்னர் ஓரளவு குறைந்தது. வைத்தியர் தந்த ஒமெப்ரசோலை இரண்டு வாரம் காலை உணவுக்கு முன் எடுத்தபோது எரிவு தணிந்ததே தவிர, புளிநீர் ஏறுவது நிற்கவில்லை. விழுங்குவதில் சிரமமோ எடை குறைவோ கறுப்பு மலமோ இல்லை.

மூன்று மணி நேர இடைவெளி வேண்டும் என்றார் வைத்தியர். அப்படியானால் நான் படுக்க நள்ளிரவு தாண்டும், காலை ஐந்துக்கோ எழ வேண்டும். சொதியின் தேங்காய்ப்பால் கொழுப்பு வயிற்றில் அதிக நேரம் தங்கும் என்பதால், அதை விட்டு, ஏழு மணிக்கே கடையில் இடியப்பத்தை முடித்துவிட்டு, வீட்டில் தேநீரோடு நிறுத்தலாமா என்று யோசிக்கிறேன்.

இதே நிலையில் இருந்தவர்களுக்கு, எத்தனை மணி நேர இடைவெளியில் புளிநீர் ஏறுவது உண்மையில் நின்றது?