பதில் கொடுத்து இரண்டு மாதம், ஒரு சத்தமும் இல்லை

நூல்கண்டு: வரி பாக்கி என்று மார்ச் 4 தேதியிட்டு எனக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. அந்தத் தொகையை முன்பே கட்டியிருந்தேன். ரசீது நகலோடு மார்ச் 18 அன்று நேரில் போய் பதில் கொடுத்தேன். தபால் பிரிவில் என் நகலில் தேதி முத்திரை குத்தி, பக்கத்தில் பேனாவால் 1142 என்று எழுதித் தந்தார்கள். மே 20 வரை பதிலே இல்லை. நினைவூட்டல் எழுத உட்கார்ந்தால், பாக்கி ஏன் இல்லை என்ற கதையே மறுபடி இரண்டு பக்கம் வந்துவிட்டது.

பழையகோப்பு: அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போடுங்கள். தபால் பிரிவில் இருந்தவன் சொல்கிறேன். புதிதாக வாதம் எழுதினால் அது புது மனுவாகப் பதிவாகி வேறு மேசைக்குப் போய்விடும். பொருள் வரியில் நோட்டீஸின் அதே கோப்பு எண்ணும், 'நினைவூட்டல் 1' என்பதும் இருக்கட்டும். உள்ளே, '4.3 தேதியிட்ட தங்கள் நோட்டீஸுக்கு 18.3 அன்று நேரில் அளித்த பதில், தங்கள் அலுவலக வரவு எண் 1142' என்று ஒரே வாக்கியம் போதும். தேதியை விட்டுவிடாதீர்கள். எங்கள் பதிவேட்டில் ஆண்டு பிறந்தால் எண் மறுபடி ஒன்றிலிருந்துதான் தொடங்கும். முத்திரை உள்ள பக்கத்தோடு பழைய பதில், இணைப்புகள் எல்லாவற்றின் நகலையும் வையுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.

வெயில்: பதில் வரவில்லை என்றால் ஏற்றுக்கொண்டார்கள் என்றுதானே அர்த்தம்? எதற்குத் தூங்குகிறவனை எழுப்ப வேண்டும்?

பழையகோப்பு: நீங்கள் சொல்லும் அந்த மௌனத்துக்குப் பின்னால், கோப்பில் 'பதில் வரவில்லை' என்ற குறிப்பும் இருக்கலாம்.

கூரியர்காரி: நான் ஸ்பீட் போஸ்டில்தான் அனுப்புவேன். ரசீது கையில் இருந்தால் போதும், எவனும் மறுக்க முடியாது.

பழையகோப்பு: அனுப்பியதை மறுக்க முடியாது, சரி. போய்ச் சேர்ந்ததற்குக் கையெழுத்தான ஒப்புகை அட்டை வேண்டும். உறைக்குள் என்ன இருந்தது என்பதை அந்த அட்டையும் சொல்லாது. அதனால் கடிதத்திலேயே இணைப்புப் பட்டியல் போட்டுவிடுவது நல்லது.

மழைக்காலம்: என் கதை வேறு, காப்பீட்டு விவகாரம். தபால் ரசீதைப் பத்திரமாகப் பர்ஸில் வைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து எடுத்தால் வெள்ளைத் தாள்! அந்த வழவழப்பான தாளில் எழுத்து மங்கிப் போய்விட்டது. இப்போதெல்லாம் வாங்கிய அன்றே நகல் எடுத்துவிடுகிறேன்.

நூல்கண்டு: அரைப் பக்கமாகச் சுருக்கி மே 21 அன்று கொடுத்தேன். 'என் பதில் கோப்பில் சேர்ந்ததா, எந்த நிலையில் உள்ளது என எழுத்தில் தெரிவிக்கவும். முடிவாகும் வரை மேல்நடவடிக்கை வேண்டாம்' என்று மட்டும் கேட்டிருந்தேன். இந்த முறையும் முத்திரை வாங்கிக்கொண்டேன். எண் 2087. நாலாம் நாள் போன் செய்தால், என் பதில் வேறொரு பிரிவில் கிடந்ததாம். எழுத்தில் இன்னும் ஒன்றும் வரவில்லை. மேலதிகாரிக்கு இப்போதே ஒரு நகல் அனுப்பலாமா?

பழையகோப்பு: இன்னும் பதினைந்து நாள் பொறுப்பேன் நான்.

கூரியர்காரி: நானாக இருந்தால் இன்றே அனுப்பிவிடுவேன்.