முகநூலில் எழுதியதற்குக் குறிப்பாணை: மண்டபத்தில் எனக்கு நேர்ந்தது

இறால் கூடத்துக்காரன்:
மண்டபம் பக்கம் ஓர் இறால் பதப்படுத்தும் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இரண்டு மாத மிகைநேரக் கூலி நிலுவை. ஓரிரவு கோபத்தில், "இறாலுக்கு ஐஸ் தவறாமல் வருகிறது, எங்கள் கூலிதான் வருவதில்லை" என்று முகநூலில் எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். கூடத்துக்குள் எடுத்த படத்தையும் சேர்த்தேன். வாடிக்கையாளரின் லேபிள் ஒட்டிய பெட்டிகள் அதில் தெரிந்தன. மூன்றாம் நாளே பணியிடை நீக்கம். நிறுவனத்தின் பெயரைக் கெடுத்தது ஒன்று, தடையுள்ள இடத்தில் படமெடுத்தது இன்னொன்று என இரண்டு குற்றச்சாட்டுகளோடு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை.

பாம்பன் தம்பி:
பேச்சுரிமை அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. எந்த முதலாளியும் கை வைக்க முடியாது அண்ணே.

ஓய்வுபெற்ற சங்கத்துக்காரர்:
தம்பி, அந்த உரிமை அரசை நோக்கியது. தனியார் முதலாளியிடம் முதலில் கேட்க வேண்டியது நிலையாணைகள், அதாவது நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான பணி விதிகள். அதில் தவறு என்று எழுதாததைப் பின்னால் தவறாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1980களிலேயே சொல்லிவிட்டது. ஆனால் 'ஒழுங்கைக் குலைக்கும் செயல்' என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அந்த வலையில் எந்த மீனையும் பிடிக்கலாம். 2023இல் நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, ஒரு கிராம வங்கி ஊழியரின் குறிப்பாணையை ரத்து செய்தது. அவர் நிர்வாகத்தைக் குறைசொன்னது வாட்ஸ்அப் குழுவுக்குள். உங்கள் பதிவோ ஊரே பார்த்தது. அந்தத் தீர்ப்பை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

தொண்டி விசைப்படகு:
என் கதையைக் கேளுங்கள். ஐஸ் பெட்டி உடைந்ததைப் படம் போட்டேன். குறிப்பாணை எல்லாம் இல்லை, மறுநாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் தங்கலுக்கு என்னைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். வாங்கிய முன்பணத்தை மட்டும் திருப்பிக் கேட்கிறார்கள்.

ஓய்வுபெற்ற சங்கத்துக்காரர்:
அது வேறு வழக்கு ஐயா. நியமன ஆணையே இல்லாத இடத்தில் எதைக் காட்டுவது? இறால் கூடத்துத் தம்பி, பதிவை அழிக்காதீர்கள். அழித்தால் மறைத்தீர்கள் என்பார்கள். கூலி நிலுவை உண்மை என்பதற்கு வருகைப் பதிவையும் ஊதியச் சீட்டையும் விளக்கத்தோடு இணையுங்கள். விசாரணைக்காக வெளியே நிறுத்தினால் முதல் 90 நாளுக்குப் பாதி ஊதியம் பிழைப்பூதியமாகத் தர வேண்டும், அதையும் எழுதிக் கேளுங்கள்.

இறால் கூடத்துக்காரன்:
ஐயா சொன்னபடியே செய்தேன். விசாரணையில் என் சீட்டுகளைப் பார்த்த அதிகாரி, எழுதியது பொய்யா என்று மேலாளரிடம் கேட்டார். அவர் வாய் திறக்கவில்லை. முதல் குற்றச்சாட்டு விழுந்தது. படத்தை நான் ஒப்புக்கொண்டேன். வாசலில் கைபேசித் தடைப் பலகை தொங்குகிறது, மறுத்தால் நானே பொய்யனாவேன். தண்டனை நான்கு நாள் சம்பளமில்லாத இடைநீக்கம். நிலுவைக் கூலி வந்துவிட்டது. ஆனால் 41 நாள் வெளியே நிறுத்தியதற்குப் பாதிதான் தந்தார்கள். தண்டனை நான்கு நாள் என்றால் மீதி 37 நாளுக்கு முழுச் சம்பளம் வர வேண்டாமா?

ஓய்வுபெற்ற சங்கத்துக்காரர்:
வர வேண்டும் என்றுதான் நானும் வாதிடுவேன். தண்டனை ஆணையில் அந்த நாட்களை எப்படிக் கணக்கிட்டிருக்கிறார்கள்? அந்த வரியை மட்டும் இங்கே எழுதுங்கள், பார்ப்போம்.