படத்தில் வந்த கணக்கு: முதல் பிழை எந்த வரியில்?

கோண்டாவில் வாத்தி

தரம் 10 பிள்ளை ஒருத்தி இரவு வாட்சப்பில் கொப்பிப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினாள். கூடவே ஒரு குரல் பதிவு: "சேர், திருத்தின பிறகும் விடை வருகுதில்லை." எனக்கு முன்பே வேறு யாரோ பார்த்து மூன்றாம் வரியில் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். பக்கத்தில் இருந்தது இது:

```
(x − 3)/2 − (x − 5)/3 = 2
3(x − 3) − 2(x − 5) = 2
3x − 9 − 2x − 10 = 2
x − 19 = 2
x = 21
```

வட்டம் −10 இன் மேல். அது பிழைதான், +10 வரவேண்டும். அதைத் திருத்தி அவள் x = 1 எடுத்திருக்கிறாள். சரியான விடை 11.

நான் இப்படியான படம் வந்தால் முதலில் கணக்கை வேறு தாளில் செய்து சரியான விடையை எடுப்பேன். பிறகு அதை மேலிருந்து ஒவ்வொரு வரியிலும் போட்டுப் பார்ப்பேன். முதல் வரியில் 11 போட்டால் 4 − 2 = 2, சரி. இரண்டாம் வரியில் 24 − 12 = 12, ஆனால் வலப்பக்கம் 2. ஆகவே உடைந்தது அங்கேதான். பொது மடங்கு 6 ஆல் இடப்பக்கத்தை மட்டும் பெருக்கியிருக்கிறாள்.

"அப்ப சேர், சிவப்பு வட்டம் பிழையோ?" என்று கேட்டாள். இல்லை, அதுவும் சரி, ஆனால் அது இரண்டாவது பிழை என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "2க்குக் கீழ ஒண்டும் இல்லைத்தானே சேர், அதுக்கு ஏன் பெருக்கோணும்?" என்றாள். எனக்கு இன்னும் மனதில் நிற்பது அந்தக் கேள்விதான். அவள் மறக்கவில்லை. பகுதியெண்ணை அழிக்கத்தான் 6 என்று நம்புகிறாள். பகுதியெண் இல்லாத இடத்துக்கு 6 தேவையில்லை என்பது அவளுடைய கணக்கில் நியாயம். "பெருக்க மறந்திட்டாய்" என்று எழுதி அனுப்பியிருந்தால் அடுத்த கணக்கிலும் அதையேதான் செய்திருப்பாள்.

அவளுக்கு எழுத்தை விட்டு எண்ணில் காட்டினேன். 4 − 2 = 2 உண்மை. இடப்பக்கத்தை மட்டும் 6 ஆல் பெருக்கினால் 24 − 12 = 2 என்று வருகிறது, அது உண்மையா? "இல்லை, 12" என்று அவளே சொன்னாள்.

கம்பஸ் பொடியன்

சேர், இவ்வளவு சுற்றத் தேவையில்லை. பிள்ளையின் விடையையே எடுத்துக் கீழிருந்து மேலே போட்டுக்கொண்டு போனால் போதும். 21ஐ நான்காம் வரியில் போட்டால் 2 வரும், மூன்றாம் வரியிலும் 2 வரும். இரண்டாம் வரியில் 54 − 32 = 22. பொருந்தாத இடம் பிடிபட்டுவிட்டது. சரியான விடையை நாங்கள் தனியாகக் கண்டுபிடிக்கவே வேண்டியதில்லை. நான் ரியூசன் கொடுக்கும் பொடியளுக்கு இப்படித்தான் பார்க்கிறேன், எப்போதும் வேலை செய்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், வடமராட்சி

தம்பி, நீர் பிடித்தது இரண்டாம் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் இடையில் உள்ள உடைவு. அதாவது −10. சிவப்பு வட்டம் போட்டவர் நின்ற அதே இடம். கீழிருந்து போனால் கடைசிப் பிழைதான் முதலில் அகப்படும். பிழை ஒன்றே ஒன்று என்றால் மேலிருந்து பார்த்தாலும் கீழிருந்து பார்த்தாலும் ஒரே இடம், அதனால்தான் உமக்கு எப்போதும் வேலை செய்வதுபோல் தெரிகிறது.

கோண்டாவில் சேருக்கும் ஒரு வார்த்தை. 11 இரண்டாம் வரியில் உடைந்த பிறகு அதைக் கீழே கொண்டுபோகக் கூடாது. அதற்குப் பிறகு பிள்ளை செய்வது வேறு சமன்பாடு. அந்த இரண்டாம் வரியையே சரியாகத் தீர்த்தால் x = 1. அந்த 1ஐ மூன்றாம் வரியில் போட்டால் −18 = 2 என்று வரும், அங்கே அடுத்த பிழை. நான்காம் வரியைப் பார்க்க மூன்றாம் வரியின் விடையான 21ஐ எடுக்க வேண்டும். அது பொருந்துகிறது, அங்கே பிழையில்லை. இப்படிப் பார்த்தால்தான் பிள்ளை எந்த வேலையைச் சரியாகச் செய்தது என்றும் சொல்ல முடியும்.

எனக்கு ஒரு படம் தீராமல் நிற்கிறது. √(2x + 3) = x. மாணவன் வர்க்கித்து 2x + 3 = x² என்று எழுதி, காரணிப்படுத்தி, x = 3 அல்லது x = −1 என்று முடித்திருந்தான். 3 எல்லா வரியிலும் பொருந்தும். −1ஐப் போட்டால் முதல் வரியில் 1 = −1, மற்ற எல்லா வரியிலும் பொருந்தும். வர்க்கித்தது குற்றமா? இல்லை. கடைசி வரியில்தான் பிழை என்பேன், அங்கே −1ஐ விலக்கவில்லை. என்னோடு படிப்பித்தவர் இரண்டாம் வரி என்று அடித்துச் சொல்வார்.

சுன்னாகம் அம்மா

எங்கட மகனுக்கும் இப்படித்தான். 5 − 2x = 11 என்ற கணக்கு. இரண்டாம் வரி 2x = 6, மூன்றாம் வரி x = −3. சேர் இரண்டாம் வரி பிழை என்று அனுப்பினார். மகன் அழாக்குறை. கொப்பியை எடுத்துப் பார்த்தால் −2x என்று தெளிவாக இருக்கிறது! சதுரக்கோட்டுக் கொப்பி. அந்தக் கழித்தல் குறி நீலக் கோட்டின் மேலேயே விழுந்து படத்தில் கோடோடு கோடாகப் போய்விட்டது.

ஆகவே பெற்றோருக்குச் சொல்கிறேன். இரவில் மின்குமிழுக்குக் கீழே கை நிழல் விழ எடுக்காதீர்கள், காலையில் யன்னல் பக்கம் வைத்து எடுங்கள். வாட்சப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும், கோப்பாக இணைத்தால் எடுத்தபடியே போகும். மெல்லிய தாள் என்றால் பின்பக்க எழுத்து தெரியும், கீழே ஒரு கறுப்பு மட்டையை வையுங்கள். கேள்வியையும் சேர்த்து எடுங்கள், வினாத்தாளில் இருந்து பிழையாகப் பார்த்து எழுதியிருந்தால் வேறெப்படிச் சேருக்குத் தெரியும்? முக்கியமாக, வெட்டின வரியை அழிறப்பரால் அழிக்க விடாதீர்கள். ஒரு கோடு போட்டு வெட்டினால் போதும், பிள்ளை முதலில் என்ன நினைத்தது என்று அதில்தான் தெரியும். பென்சிலாலும் எழுத விடாதீர்கள்.

கம்பஸ் பொடியன்

கடைசிப் பிழைதான் அகப்படும் என்பதை ஒத்துக்கொள்கிறேன் சேர். ஆனால் √ கணக்கில் உங்கள் நண்பர் பக்கம்தான் நான். முதல் வரியில் x மறையாக இருக்க முடியாது. இரண்டாம் வரியில் x ≥ 0 என்று எழுதாமல் விட்டதால்தான் −1 உள்ளே வந்தது. உள்ளே வந்த இடத்தைத்தானே முதல் பிழை என்கிறோம்?

ஓய்வுபெற்ற ஆசிரியர், வடமராட்சி

இரண்டாம் வரியில் எழுதாமல் கடைசியில் போட்டுப் பார்த்து −1ஐ வெட்டினவனுக்கு நீர் புள்ளி குறைப்பீரோ? நான் குறைக்க மாட்டேன்.

கோண்டாவில் வாத்தி

நன்றி சேர், 1, 21 என்று வரிக்கு வரி விடையை மாற்றிப் பார்ப்பதை இனி நானும் எழுதியே வைப்பேன். √ கணக்கில் நான் வட்டம் போட மாட்டேன், கடைசி வரிக்குக் கீழே "இரண்டையும் முதல் வரியில் போட்டுப் பார்" என்று எழுதி அனுப்புவேன்.

சுன்னாகம் அக்கா, உங்கள் மகனின் படத்தில் மூன்றாம் வரியே துப்பு. 2x = 6 என்றால் x = 3 தான் வரவேண்டும், அவன் −3 எழுதியிருக்கிறான். ஆகவே குறி படத்தில் தொலைந்திருக்கலாம். ஆனால் அதை வைத்து "குறி இருந்திருக்கும், சரி" என்று நாமே முடிவெடுப்பதும் ஆபத்து. குறியை உண்மையாகவே விட்டுவிட்டு, விடையைப் பார்த்து −3 என்று எழுதுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்த ஒரு வரியை மட்டும் கிட்ட வைத்து இன்னொரு படம் கேட்பதுதான் என் வழக்கம்.