என்பிஏ: வாராக்கடனா, செயல்படாச் சொத்தா? (கலைச்சொல் விவாதம்)

கயல்விழி:
குழுவினருக்கு வணக்கம். வங்கித் தணிக்கைக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும் வேலையில் இரண்டு சொற்களில் நிற்கிறேன். கட்டாமல் கெடு தாண்டிய கடனை வங்கிகள் என்பிஏ என்று குறிக்கும். அதற்கு நாளிதழ்கள் ‘வாராக்கடன்’ என்கின்றன, அகராதிகள் ‘செயல்படாச் சொத்து’ என்கின்றன. இரண்டாவதைப் படிப்பவருக்குப் பூட்டிக் கிடக்கும் ஆலைதான் நினைவுக்கு வரும். கொடுத்த கடன்தான் வங்கியின் சொத்து என்பது வெளியாளுக்குத் தெரியாது. அடுத்த சிக்கல், வரக்கூடிய இழப்புக்காக ஏட்டில் முன்கூட்டியே எழுதும் புரொவிஷன். ‘ஒதுக்கீடு’ என்றால் போதுமா?

சுந்தர்:
இதில் குழப்பமே இல்லை. மூன்று தவணை கட்டாவிட்டால் என்பிஏ. ‘மும்மாதப் பாக்கிக் கடன்’ என்று போட்டுவிடுங்கள், பாமரருக்கும் புரியும்.

இராமநாதன்:
சுந்தர் சொல்வது பாதி சரி. கணக்கு நாட்களில்தான், தவணை எண்ணிக்கையில் இல்லை. மார்ச் 31-க்கு உரிய தவணை அன்று நாள்முடிவுக் கணிப்பு ஓடும்வரை முழுதாக வரவில்லை என்றால், அன்றைய தேதியே பாக்கி தொடங்கிய தேதி. ஏப்ரல் 30-இல் அந்தக் கணக்கு எஸ்எம்ஏ-1 என்ற எச்சரிக்கைப் படிக்குப் போகும், மே 30-இல் எஸ்எம்ஏ-2, ஜூன் 29-இல் என்பிஏ. ரிசர்வ் வங்கியின் 2021 நவம்பர் 12 சுற்றறிக்கை இதே தேதிகளை வைத்துத்தான் விளக்குகிறது. நாள்முடிவில் கணினி தானே குறிக்க வேண்டும். காலாண்டு முடியட்டும் என்று மேலாளர் காத்திருக்க இடமில்லை.

தவணையே இல்லாத கடனும் உண்டு. வரம்புக்குள் எடுத்தும் போட்டும் புழங்கும் கேஷ் கிரெடிட் கணக்கில் மாதத் தவணை கிடையாது. 90 நாள் தொடர்ந்து நிலுவை வரம்பை மீறியிருந்தாலும், 90 நாளில் வரவே விழாவிட்டாலும், விழுந்த வரவு அந்தக் காலத்தில் ஏற்றிய வட்டியைவிடக் குறைவாக இருந்தாலும் அது என்பிஏ. குறுகிய காலப் பயிர்க்கடனுக்கோ இரண்டு பயிர்ப்பருவம். 2004 மார்ச்சுக்கு முன் 180 நாள் என்ற கெடு இருந்தது. ஆகவே காலத்தைப் பெயரில் கட்டிவைத்தால், விதி மாறும்போது பெயரும் பொய்யாகும்.

பாத்திமா:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டுக்கடனில் இரண்டு தவணை நிற்கிறது. இப்போது ஒன்றைக் கட்டினால் பயனுண்டா? செய்தியில் அடிக்கடி வருகிறதே, வாராக்கடனை வங்கிகள் தள்ளுபடி செய்துவிட்டதாக? அது எங்களைப் போன்றவர்களுக்கும் உண்டா?

இராமநாதன்:
பயனுண்டு அம்மா, உடனே கட்டுங்கள். கட்டும் பணம் பழைய தவணைக்கு முதலில் போகும், பாக்கி நாள் அடுத்த தவணையிலிருந்து எண்ணப்படும். நான் சொன்ன உதாரணத்தில் ஜூன் 28 அன்று ஒரு தவணை வந்திருந்தால், மிகப் பழைய பாக்கி ஏப்ரல் 30 ஆகிவிடும். கணக்கு எஸ்எம்ஏ-1-க்கு இறங்கிவிடும். அதே ஒரு தவணையை ஜூலை 1 அன்று கட்டினால் கணக்கு என்பிஏவாகவே கிடக்கும். அதற்குள் ஜூன் 30 தவணையும் சேர்ந்து நான்கு ஆகியிருக்கும். நான்கும் வட்டியோடு வந்தால்தான் விடுதலை. முழுக்கடனையும் அடைக்க வேண்டியதில்லை, பாக்கி முழுவதும் தீர வேண்டும். முன்பு சில இடங்களில் வட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு ‘சரியாகிவிட்டது’ என்று குறித்துவந்தார்கள். அதை அடைத்தது அந்தச் சுற்றறிக்கைதான்.

தள்ளுபடி பற்றி: செய்தியில் வருவது வங்கி தன் ஏட்டிலிருந்து நீக்கியது. வாங்கியவர் கடன் அப்படியே இருக்கும், வசூலும் தொடரும். ஏட்டிலிருந்து நீக்குவதற்கும் கடனையே விட்டுக்கொடுப்பதற்கும் ஒரே சொல்லைப் புழங்கவிட்டது நம் ஊடகங்களின் பிழை. கயல்விழி, ‘ஏட்டுநீக்கம்’ என்று தனியாக ஒரு பதிவு வையுங்கள்.

கயல்விழி:
குறித்துக்கொண்டேன். ‘வாராக்கடன்’ மேல் எனக்குள்ள தடை இதுதான்: பாத்திமா அவர்களின் கடன் நாளை என்பிஏ ஆனாலும் மறுநாளே வந்து சேரலாம். ‘வாராது’ என்று முன்கூட்டித் தீர்ப்பெழுதுவது எப்படி?

சுந்தர்:
இலக்கணம் அப்படிச் சொல்லவில்லையே! ‘வாரா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், முக்காலத்துக்கும் பொது. ‘இதுவரை வராத’ என்றும் பொருள் கொள்ளலாம்.

இராமநாதன்:
இலக்கணம் சரி. ஆனால் படிப்பவர் காதில் ‘இனி வராது’ என்றுதான் விழுகிறது. அந்தப் பொருளுக்கு உரிய கடன் ‘இழப்புக் கடன்’ என்ற கடைசிப் படியில் இருக்கிறது, அங்கே அந்தச் சொல் தேவைப்படும். ரிசர்வ் வங்கி சொல்லும் வரையறையின் சாரம், வங்கிக்கு வருவாய் ஈட்டுவது நின்றால் என்பிஏ என்பது. ஏட்டிலும் அதுதான் நடக்கிறது. அன்றுமுதல் கையில் வந்த வட்டியை மட்டுமே வருமானமாக எழுதலாம். வரும் என்று முன்பே எழுதி, வசூலாகாமல் நிற்கும் வட்டியையும் திரும்ப அழிக்க வேண்டும். ஆகவே ‘வருவாய் நின்ற கடன்’ என்பேன்.

கயல்விழி:
நன்றாக இருக்கிறது. தலைப்பில் நீளும்தான், ‘வருவாயிலாக் கடன்’ என்று சுருக்கலாமா? ‘நின்ற’ போனால் முன்பு வருவாய் இருந்தது என்ற குறிப்பும் போய்விடுகிறது. சரி, ஒதுக்கீடு?

சுந்தர்:
அதில் என்ன? பணத்தை எடுத்துத் தனியே பூட்டி வைக்கிறார்கள், ஒதுக்கீடுதான்.

இராமநாதன்:
எந்தப் பெட்டியிலும் பணம் போவதில்லை. லாபத்தில் ஒரு செலவு எழுதி, ஏட்டில் கடனின் மதிப்பைக் குறைக்கிறார்கள், அவ்வளவுதான். ஓர் உதாரணத்தோடு பாருங்கள். நிலுவை 20 லட்சம். ஒழுங்காக இருந்தவரை 0.40 சதவீதம், அதாவது 8,000 ரூபாய். என்பிஏ ஆனதும் ‘தரங்குறைந்த’ படி: 15 சதவீதம், 3 லட்சம். இங்கே அடமானத்தின் மதிப்பைப் பார்ப்பதில்லை. தொடக்கத்திலேயே ஈடில்லாமல் கொடுத்த கடனுக்கு 25 சதவீதம்.

12 மாதம் கழிந்தால் ‘ஐயத்துக்குரிய’ படி. இப்போதுதான் ஈடு கணக்கில் வரும். அடமானத்தை விற்றால் 12 லட்சம்தான் தேறும் என்று வைப்போம். ஈடில்லாத 8 லட்சத்துக்கு முழுவதும், ஈடுள்ள 12 லட்சத்துக்கு 25 சதவீதம் ஆகிய 3 லட்சம். மொத்தம் 11 லட்சம். ஒரே நாளில் 3 லட்சம் 11 லட்சமாகத் தாவுகிறது! அடுத்த ஆண்டு ஈடுள்ள பங்குக்கு 40 சதவீதம், ஆக 12.8 லட்சம். ஐயப்படியில் மூன்று ஆண்டு தாண்டினால் முழு 20 லட்சமும்.

அந்தத் தாவல்தான் ஆசைகாட்டும் இடம். மதிப்பீட்டாளர் 12 லட்சத்தை 19 லட்சம் என்று எழுதிக்கொடுத்தால், அதே நாளில் 11 லட்சம் 5.75 லட்சமாகச் சுருங்கிவிடும். தணிக்கையில் மதிப்பீட்டு அறிக்கையின் தேதியையும், அது ஐயப்படிக்குச் சற்று முன்தான் புதுப்பிக்கப்பட்டதா என்பதையும் பாருங்கள்.

சுந்தர்:
பூட்டி வைப்பதில்லை என்பதை ஏற்கிறேன். அப்படியானால் ‘முன்னேற்ற இழப்பு’? முன்பே ஏற்றுக்கொண்ட இழப்பு.

கயல்விழி:
இழப்பில் முன்னேற்றம் கண்டுவிட்டோம் என்று படிப்பார்களே! ‘இழப்பு முன்னேற்பு’ என்றால் அந்த மயக்கம் இல்லை. ஆனால் வங்கி ஊழியர்கள் வாயில் ‘ஒதுக்கீடு’ ஊறிவிட்டது.

இராமநாதன்:
எனக்கு ‘இழப்பொதுக்கம்’ போதும். ‘ஒதுக்கு’ இருப்பதால் பழகிய காதுக்கும் பிடிபடும், ‘இழப்பு’ இருப்பதால் பெட்டியில் பணம் என்ற எண்ணமும் வராது.

சுந்தர்:
இழப்பொதுக்கத்துக்கு என் வாக்கு. வாராக்கடனை மட்டும் விடமாட்டேன், ஊரே சொல்லும் சொல்.

கயல்விழி:
கையேட்டில் ‘வருவாய் நின்ற கடன்’, முதல் இடத்தில் மட்டும் ‘நாளிதழ்கள் வாராக்கடன் என்பது’ என்ற குறிப்போடு போகிறேன். முன்னேற்பா, இழப்பொதுக்கமா என்பதை வெள்ளிக்கிழமைவரை திறந்து வைக்கிறேன். ‘இழப்புக் கடன்’ என்ற கடைசிப் படிக்கும் யாராவது சொல் யோசியுங்கள்.

பாத்திமா:
ஒரு தவணை கட்டிவிட்டேன். ரசீதில் ‘எஸ்எம்ஏ’ என்று எதுவும் இல்லையே, எங்கே பார்ப்பது?